குளம் வற்றிய வருடத்துக்கு ஒரு கேப்ஷன்: நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர் கடைசி வாரத்தில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் இன்ஸ்டாகிராமில் ஐந்து படங்களைப் போட்டு, கீழே ஆறு வாக்கியம் எழுதியது. அந்த வருடம் அவர்கள் வீட்டில் ஒரு காதுகுத்து நடந்தது, ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு ஆபரேஷன் நடந்தது. கோடையில் பாதித் தோட்டம் கருகியது. நகை அடகுக்குப் போனது. இவற்றில் பெரும்பாலானவை அந்த ஆறு வாக்கியத்தில் இல்லை. ஆனாலும் படித்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வருடம் என்று புரிந்தது. யாரும் "என்ன ஆச்சு?" என்று பதறிப் போன் செய்யவில்லை, "எங்க வீட்டு விசேஷத்தை விட்டுட்டீங்களே" என்றும் யாரும் மனத்தாங்கல் படவில்லை. அந்த ஆறு வாக்கியம் எப்படி உருவானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் குமுளியில் ஸ்டுடியோவும் டிடிபி வேலையும் சேர்ந்த சின்னக் கடை வைத்திருக்கிறேன். டிசம்பரில் காலண்டர், கிறிஸ்துமஸ் கார்டு, ஐயப்ப சாமிகளுக்கு அவசரப் பாஸ்போர்ட் போட்டோ என்று கூட்டம் இருக்கும். சில வருடங்களாக அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. படத்தைக் கொடுத்துவிட்டு, "இதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதித் தாங்க" என்று கேட்கிறார்கள். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் எழுதுவது சிரமமில்லை. வருடக் கடைசிக் கேப்ஷன்தான் கஷ்டம், ஏனென்றால் அதில் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

அவர் எழுதி வந்தது

அந்த வீட்டு மருமகள் போனில் ஏற்கெனவே ஒன்றை எழுதி வைத்திருந்தார். அவர் அனுமதியோடு அதை அப்படியே தருகிறேன்.

"ஜனவரி: பாப்பாவுக்குக் காதுகுத்து. பிப்ரவரி: பழைய ஜீப்பைக் கொடுத்துட்டு வேற ஜீப். மார்ச்: வெயில் ஆரம்பம். ஏப்ரல்: குளம் வத்திருச்சு, செடி கருகிருச்சு. மே: அத்தைக்கு ஆபரேஷன். ஜூன்: பெரியவனுக்குப் புது ஸ்கூல். ஜூலை: மழை. ஆகஸ்ட்: சொல்ல முடியாத மாதம். செப்டம்பர்: தம்பி கல்யாணம். அக்டோபர்: முதல் எடுப்பு. நவம்பர்: அத்தை நடக்க ஆரம்பிச்சாங்க. டிசம்பர்: எல்லாருக்கும் நன்றி. 2024 நிறைய கற்றுக்கொடுத்தது. 2025 நல்லதாக அமையட்டும்."

எழுதியது எல்லாம் உண்மை, எழுதியவர் மனசும் அதில் இருக்கிறது. ஆனாலும் படித்து முடித்தபோது எந்த மாதமும் நெஞ்சில் நிற்கவில்லை. காரணம், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எடை. காதுகுத்துக்கு எத்தனை சொல்லோ கருகிய தோட்டத்துக்கும் அத்தனை சொல்தான். அந்தக் கோடையில் அவர்கள் பட்ட பாடு எனக்கு ஓரளவு தெரியும். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் இல்லாமல் ஆகாது. இடுக்கியில் அந்த வருடம் மார்ச்சிலிருந்து மே பாதிவரை வெயில் அடித்த அடியில் இலை மஞ்சளாகி, தட்டை துவண்டு, தூரோடு சாய்ந்தது. பச்சை வலை வாங்கி மேலே கட்டினார்கள், ஜீப்பில் டேங்க் வைத்துத் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். இத்தனையும் 'ஏப்ரல்' என்ற தலைப்பின் கீழ் நாலு சொல்லில் அடங்கி, அடுத்த வரியில் ஆபரேஷன் வந்துவிடுகிறது. படிப்பவர் எதற்கும் நின்று யோசிக்க இடமே இல்லை.

இரண்டாவது சிக்கல் பெரியது. பட்டியல் போட்டால், அதில் இல்லாதது பளிச்சென்று தெரியும். செப்டம்பரில் தம்பி கல்யாணம் என்று எழுதிவிட்டார். அதே செப்டம்பரில் கம்பத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு நடந்திருக்கிறது, குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். பட்டியலைப் படிக்கும் நாத்தனார் முதலில் தேடுவது அதைத்தான். பன்னிரண்டு வரி எழுதியவருக்குப் பதின்மூன்றாவது வரி எழுத முடியாதா என்ற கேள்வி வரும், நியாயமாகவே வரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினால் இந்தக் கேள்வி எழாது. குளத்தைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் வளைகாப்பு எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.

மூன்றாவது, அந்த ஆகஸ்ட். "சொல்ல முடியாத மாதம்" என்று எழுதியதற்குக் காரணம் நகை அடகு. அத்தையின் ஆபரேஷன் செலவும் தோட்டத்தில் விழுந்த நட்டமும் சேர்ந்து ஆகஸ்டில் கழுத்துச் செயின் வரை போயிருக்கிறது. அதை வெளியே சொல்ல அவருக்கு விருப்பமில்லை, ஆனால் அந்த மாதத்தை விட்டுவிடவும் மனம் வரவில்லை. அதனால் ஒரு குறிப்பு மட்டும் வைத்தார். வருடக் கடைசிக் கேப்ஷன்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான், அதிகம் தொல்லை தருவதும் இதுதான். சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது என்று சொன்ன அந்த நிமிடமே, அதைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். பிரியமுள்ளவர்கள் பதறிப் போன் செய்வார்கள், மற்றவர்கள் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். கணவன் மனைவிக்குள் ஏதோ பிரச்சினை என்று ஒருவர் நினைக்கலாம், கர்ப்பம் கலைந்தது என்று இன்னொருவர் நினைக்கலாம். அடகு என்ற உண்மையைவிட இவை எல்லாம் பெரிய சங்கடம். ஒரு விஷயத்தைச் சொல்வதானால், படிப்பவர் அதோடு நிற்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் அதன் நிழலே கேப்ஷனில் விழக் கூடாது. அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆகஸ்ட எடுத்துருவோம்ணே. அது எங்க வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்" என்றார்.

யார் படிக்கப் போகிறார்கள்

எல்லையோர ஊரில் ஒரு கேப்ஷனுக்கு வாசகர் கூட்டம் ஒன்றல்ல. மேட்டுக்குக் கீழே கம்பம், கூடலூர், சின்னமனூர்ச் சொந்தங்கள் படிப்பார்கள். மேலே பக்கத்துத் தோட்டத்து மலையாளக் குடும்பங்கள் படிப்பார்கள். காய் காய வைக்கும் ஸ்டோர்க்காரர், உரக்கடைக்காரர், வட்டிக்குக் கொடுத்தவர் எல்லோரும் அதே போனில்தான் இருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துத்தான் அடுத்து வந்த ஒரு யோசனையை ஒதுக்கினோம்.

அந்த யோசனை அவர் கணவருடையது. அந்த வருடம் வெயிலில் காய் குறைந்ததால் ஏல மையத்தில் விலை ஏறியது. புற்றடியிலும் போடியிலும் விலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டுபோய்ப் போட இவர்களிடம் மூட்டை இல்லை. "விலை இருந்துச்சு, காய் இல்ல. இத ஒரே வரியாப் போட்டா வருஷம் முடிஞ்சுதுல்ல?" என்றார். நல்ல வரிதான், கஷ்டமும் சந்தோஷமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அந்த வருடம் வண்டன்மேட்டிலிருந்து நெடுங்கண்டம் வரை எந்தத் தோட்டக்காரரும் அந்த வரியைச் சொல்லலாம். இந்த வீட்டின் வருடம் அதில் இல்லை. அத்தை இல்லை, பிள்ளைகள் இல்லை, பணம் மட்டும் இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவரும் படிக்கும் இடத்தில், காய் இல்லை என்று நாமே எழுதி வைப்பானேன் என்று மருமகள் கேட்டார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

கணவர் இன்னொன்றும் சொன்னார்: "மண்ணே சரிஞ்சாலும் எங்க மனசு சரியல." இதை உடனே வேண்டாம் என்றேன். வேறு ஊரில் இருப்பவர்களுக்கு மண்சரிவும் வெள்ளமும் வெறும் உவமையாக இருக்கலாம். இடுக்கியில் அப்படி எழுத முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் என்ற வரிசை வீடுகள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30 விடியலுக்கு முன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அந்த வருடத்தின் கடைசியில், கேரளத்தில் இருந்துகொண்டு, தன் வீட்டுக் கஷ்டத்துக்கு மண்சரிவை உவமையாக எடுப்பது அந்த வீடுகளை இழந்தவர்கள் கண்ணில் படும் இடத்தில் செய்யும் காரியம். வெள்ளமும் அப்படியே. 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் ஐந்து ஷட்டரும் திறந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே ஏராளம். நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையாட்டிவிட்டார். பெட்டிமுடியில் அவர்களுக்குத் தெரிந்த குடும்பமும் இருந்தது.

இழை கிடைத்த விதம்

பட்டியலை விட்டுவிட்டால் வேறு எதைப் பிடிப்பது? "இந்த வருஷத்துல முக்கியமானது எது?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, எல்லாமே முக்கியம் என்று நிற்பார்கள். அதனால் நான் போனின் கேலரியைத்தான் திறக்கச் சொல்வேன். ஜனவரியிலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். விசேஷப் படங்களை விட்டுவிட்டு, கெட்ட மாதத்திலும் நல்ல மாதத்திலும் திரும்பத் திரும்ப வரும் பொருளோ இடமோ எது என்று பார்க்க வேண்டும். யாரும் அதை வேண்டுமென்று படம் எடுத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கும்.

இவர்கள் கேலரியில் அது படுதாக்குளம். இந்த மலைச்சரிவுத் தோட்டங்களில் குழி வெட்டி, தடித்த பிளாஸ்டிக் படுதாவை விரித்து, மழைத்தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். கோடையில் அதிலிருந்துதான் செடிக்கு ஓஸ் போகும். ஏப்ரலில் அந்தக் குளத்தை அவர் பல தடவை படம் எடுத்திருந்தார். வளைகுடாவில் வேலை செய்யும் கொழுந்தனாருக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதற்காக எடுத்தவை அவை. கடைசிப் படத்தில் தண்ணீரே இல்லை. கருப்புப் படுதாவின் மடிப்பு, அதில் காய்ந்த சேறு, ஒரு பிளாஸ்டிக் குடம். ஜூலைப் படத்தில் அதே குளம் விளிம்பு வழிகிறது. செப்டம்பரில் குளத்து வேலிக் கம்பியில் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களின் வேட்டி சேலை எல்லாம் காய்கின்றன.

நவம்பர்ப் படத்தைப் பார்த்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். குளத்துக் கரையில் அத்தை கம்பு ஊன்றி நடக்கிறார். மே மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மலைக்காட்டில் எங்கே நடப்பது? வீட்டு வாசலை விட்டால் ஏற்றம், இல்லை இறக்கம். அந்தத் தோட்டத்திலேயே சமதளம் என்று இருந்தது குளத்தைச் சுற்றிய கரை மட்டும்தான். காலையும் மாலையும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி வந்திருக்கிறார்.

ஏப்ரலில் அடி தெரிந்த குளமும், நவம்பரில் அத்தை நடந்த கரையும் ஒரே இடம். வருடத்தின் கடினமான ஒரு நாளும் நல்ல ஒரு நாளும் அந்தக் கரையில் இருந்தன. "கஷ்டம்", "சந்தோஷம்" என்ற சொற்களை எழுதவே தேவையில்லை, படிப்பவரே இரண்டையும் பார்த்துக்கொள்வார். நான் தேடும் இழை இப்படித்தான் இருக்க வேண்டும். அது நல்லதிலும் கெட்டதிலும் இருந்திருக்க வேண்டும், கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், அந்த வீட்டுக்கே உரியதாக இருக்க வேண்டும். தம்பி கல்யாணம் இதில் தேறாது, அது முழுக்கச் சந்தோஷம். ஆபரேஷனும் தேறாது.

எழுதியது, திருத்தியது

முதலில் அத்தையிடம் கேட்கச் சொன்னேன், ஏனென்றால் படத்தில் இருப்பவர் அவர். அன்று மாலையே மருமகள் போன் செய்தார். அத்தை சொன்ன பதில்: "கம்பூன்றி நிக்கிறதப் போடாத. விழுந்ததயும் போடாத. நடக்குறேன்னு மட்டும் போடு." அதனால் முன்னிருந்து எடுத்த படத்தை விட்டுவிட்டு, பின்னாலிருந்து எடுத்த ஒன்றைத் தேர்ந்தோம். அதில் சேலையும் கரையும் தெரியும், கம்பு உடம்பின் மறைவில் போய்விடும். எழுத்தில் 'ஆபரேஷன்' என்ற சொல்லும் போனது.

முதல் இரண்டு வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது:

"ஏப்ரலில் இந்தக் குளத்தின் அடிப்படுதா தெரிந்தது. நவம்பரில் இதே கரையில் அத்தை மறுபடி நடக்கப் பழகினார்கள்."

இதில் 'மறுபடி' என்ற ஒரு சொல் நிறைய வேலை செய்கிறது. அத்தைக்கு ஏதோ ஆகி, அதிலிருந்து எழுந்திருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. படிப்பவர் பதற வேண்டாம், ஏனென்றால் அதே வாக்கியத்தில் அவர் நடந்துகொண்டிருக்கிறார். முன்னே சொன்னேனே, படிப்பவர் அதோடு நிற்கும் அளவுக்குச் சொல்வது என்று, அது இதுதான்.

நீளத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் உண்டு, ஆனால் விரித்துப் பார்க்காதவர்களுக்குத் தெரிவது ஆரம்பத்தில் ஏறக்குறைய 125 குறிகள்தான். பயனர் பெயரும் அதே வரியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். தமிழில் எழுதும்போது இந்த இடம் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். 'க்' என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு ககரமும் புள்ளியும் சேர்ந்து இரண்டு குறி. 'டி', 'தா' எல்லாம் அப்படித்தான். இந்த இரண்டு வாக்கியமும் இடைவெளியோடு சேர்த்து 103 குறி வந்தது. அதனால் விரிக்காமல் கடந்து போகிறவருக்கும் குளமும் அத்தையும் தெரிந்துவிடும். முதல் வாக்கியம் மட்டும் தெரிந்து இரண்டாவது மறைந்திருந்தால் அது வெறும் வறட்சிச் செய்தியாகப் போயிருக்கும். வருடக் கடைசிக் கேப்ஷனில் பலர் முதல் வரியை "2024க்கு நன்றி" என்று வீணடிக்கிறார்கள். தெரிகிற இடம் முழுக்க யாரும் விரிக்கத் தேவையில்லாத சொற்களுக்குப் போய்விடுகிறது.

அடுத்து, நடுவில் கிடக்கும் மாதங்கள். அவற்றைத் தொடாமல் விட்டால் கல்யாணமும் காதுகுத்தும் நடக்காதது போல இருக்கும். தொட்டால் மறுபடி பட்டியல். மருமகள் முதலில் சொன்ன வாக்கியம்: "நடுவில் நடந்ததெல்லாம் கூட இருந்தவர்களுக்குத் தெரியும்." கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் கூட இல்லாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தோம். வளைகுடாவில் இருக்கும் கொழுந்தனார் கூட இல்லை, ஆனால் ஆபரேஷனுக்குப் பாதிப் பணம் அவர்தான் அனுப்பினார். கேப்ஷனைத் தனியறையில் உட்கார்ந்து படிக்கும் அவருக்கு அந்த வரி எப்படி இருக்கும்? அந்த வாக்கியம் படிப்பவர்களை உள்ளே ஒரு கூட்டம், வெளியே ஒரு கூட்டம் என்று பிரித்துவிடுகிறது. மாற்றி எழுதியது இது:

"நடுவில் இருந்த மாதங்களை நாங்கள் தனியாகக் கடக்கவில்லை."

பணம் அனுப்பியவர், சமைத்துப் போட்டவர், கல்யாணத்துக்கு வந்து ஆடியவர், செயினைக் கழற்றிக் கொடுத்த அவரேகூட இதில் இருக்கலாம். நல்ல மாதம், கெட்ட மாதம் என்று அது பிரிக்கவில்லை. எதையும் மறைத்து வைத்ததுபோலச் சுட்டவும் இல்லை.

நன்றியில்தான் அதிக நேரம் எடுத்தது. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயர் விடுபடும், எல்லோர் பெயரையும் சொன்னால் அது கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும், "எல்லோருக்கும் நன்றி" என்றால் யாருக்கும் சொன்னதாகாது. ஆள் பெயரை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். ஏப்ரல் மாதம் மேல்தோட்டத்து மலையாளக் குடும்பம் இரவில் கரண்ட் சீராக இருக்கும் நேரம் பார்த்து, தங்கள் குழல்கிணற்று மோட்டாரைப் போட்டு, ஓஸை இவர்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. கேட்காமலே செய்த காரியம். அந்த வறட்சியில் ஒருவர் தன் தண்ணீரை இன்னொருவர் செடிக்கு விடுவதன் அர்த்தம் தோட்டக்காரர்களுக்குத் தெரியும்.

"ராத்திரி மோட்டார் போட்டு எங்கள் பக்கம் தண்ணீர் திருப்பிவிட்டவர்களை மறக்க மாட்டோம்."

சம்பந்தப்பட்டவர்களுக்கு இது தங்களைத்தான் சொல்கிறது என்று உடனே தெரியும், மற்றவர்கள் பொறாமைப்பட ஒரு பெயரும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. அந்த மலையாள வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், சினிமா பார்ப்பார்கள், ஆனால் தமிழ் படிக்க வராது. கேப்ஷன் முழுவதையும் மலையாளத்திலும் போட்டுவிடலாம் என்றார் கணவர். அப்படிச் செய்தால் ஆறு வாக்கியம் பன்னிரண்டாகும். அதனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும், யாருக்கு எழுதினோமோ அவர்கள் எழுத்தில், தமிழுக்குக் கீழே எழுதினோம். பெரியவன் அதை எழுதிக் கொடுத்தான், பள்ளியில் அவனுக்கு மலையாளம் உண்டு.

முடிவுக்கு அவர் எழுதியிருந்த "2025 நல்லதாக அமையட்டும்" நல்ல எண்ணம்தான், ஆனால் அது எல்லார் கேப்ஷனிலும் இருக்கும் வாக்கியம். அதற்குப் பதில் இன்றைக்குக் குளம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முக்காவாசி இருக்குண்ணே" என்றார். அடுத்த எடுப்பு எப்போது என்று கேட்டேன். வழக்கமாக 40, 45 நாளுக்கு ஒரு தடவை காய் எடுப்பார்கள், இவர்களுக்கு அடுத்தது ஜனவரியில் வரும் என்றார். அந்த இரண்டையும் அப்படியே வைத்தோம். வருங்காலத்தைப் பற்றிச் சொல்ல அது போதும்.

போட்ட கேப்ஷன் முழுவதும் இது. மலையாள வரி மட்டும் இங்கே இல்லை.

"ஏப்ரலில் இந்தக் குளத்தின் அடிப்படுதா தெரிந்தது. நவம்பரில் இதே கரையில் அத்தை மறுபடி நடக்கப் பழகினார்கள்.

நடுவில் இருந்த மாதங்களை நாங்கள் தனியாகக் கடக்கவில்லை. ராத்திரி மோட்டார் போட்டு எங்கள் பக்கம் தண்ணீர் திருப்பிவிட்டவர்களை மறக்க மாட்டோம்.

இப்போது குளம் முக்கால்வாசி இருக்கிறது. ஜனவரியில் அடுத்த எடுப்பு."

படங்கள் பார்த்துக்கொண்ட வேலை

எழுத்தில் விட்டதைப் படங்கள் ஏந்திக்கொண்டன. 2024 ஆகஸ்டிலிருந்து இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் 20 படம் வரை போடலாம். அவர் 20 படமும் எடுத்து வைத்திருந்தார். அப்படிப் போட்டால் பட்டியல் எழுத்திலிருந்து படத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஐந்தோடு நிறுத்தினோம்: அடி தெரிந்த குளம், பச்சை வலை கட்டிய செடிகள், வழியும் குளம், கல்யாண வீட்டுத் துணிகள் காயும் வேலி, கரையில் நடக்கும் அத்தை. கல்யாணம் நான்காவது படத்தில் வந்துவிட்டது. மாப்பிள்ளை பெண் இல்லை, மேடை இல்லை. ஆனால் அந்த வேட்டி சேலைகளைப் பார்த்த தம்பி, "அந்தப் பச்சை என் வேட்டி" என்று கீழே எழுதினான். வரிசையை மட்டும் நான் மாற்ற விடவில்லை. முதல் படம் வற்றிய குளமாகத்தான் இருக்க வேண்டும். அத்தையின் படத்தை முன்னால் வைத்தால், எழுத்தின் முதல் வாக்கியமும் படமும் ஒன்றோடொன்று ஒட்டாது.

டிசம்பர் 31 இரவு போட வேண்டாம் என்றும் சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் போடுவார்கள், வாழ்த்துப் படங்களின் குவியலில் இது அடிபட்டுப் போகும். 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டார். மேல்தோட்டத்துச் சேச்சி கேப்ஷனுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலை ஒரு கிண்ணத்தில் பாயசத்தோடு நேரில் வந்துவிட்டார். கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் குளத்தின் புதுப் படம் ஒன்று அனுப்பச் சொன்னார். நாத்தனார் ஒரு இதயக்குறி போட்டார், வளைகாப்பு பற்றிப் பேச்சே எழவில்லை.

இந்த முறை உதவாத இடம்

அதே வாரம் இன்னொரு பையன் வந்தான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். வருட ஆரம்பத்தில் அப்பா தவறிவிட்டார், கார்த்திகையில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு கேப்ஷன் கேட்டான். கேலரியில் இழை சுலபமாகக் கிடைத்தது, அப்பாவின் ஜீப். அதில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான், அதில்தான் அக்காவையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

எழுதிப் பார்த்தபோது அது எடுபடவில்லை. குளத்தின் இரு பக்கமும் உயிரோடு இருக்கும் ஒரே அத்தை இருந்தார். இங்கே ஒரு பக்கம் திரும்பி வராத ஒருவர். ஒரே வாக்கியத்தில் அப்பாவின் இழப்பையும் குழந்தையின் வரவையும் வைத்தால், ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று சொல்வது போல ஆகிறது. அவன் அம்மா அதைப் படிப்பார். சாவு நடந்த வருடத்தில் இழை தேடுவதை விட்டுவிட்டு, போனவரை முதல் வரியிலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் முடிவு. "அப்பா இல்லாமல் முடியும் முதல் வருடம். அவர் ஜீப்பை இப்போது நான் ஓட்டுகிறேன்" என்று இரண்டே வாக்கியம் எழுதி, ஜீப்பின் படத்தோடு போட்டான். வந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். குழந்தையின் படத்தைப் பொங்கல் கழிந்து தனியாகப் போட்டான். அதற்கு வாழ்த்துச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.